கெங்கம்மாள் வாரிவிட்ட தலைகள்

“குனிடி. டீச்சர் பாக்கட்டும்.”

சங்கீதா மகளின் பிடரியில் கைவைத்து அழுத்தினாள். தறியிலிருந்து எழுந்து நேராக வந்திருக்கிறாள். புடவை மடியில் அறுந்த பட்டிழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆரணியில் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. தெருக்கோடியில் அங்கன்வாடி. அங்கே பதினாறு வருஷமாகக் கலைமகள்தான் டீச்சர்.

கலைமகள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். வர்ஷாவின் உச்சிக்குப் பின்னால் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக முடி இல்லை. தோல் சாம்பல் பூத்தமாதிரி செதில் செதிலாக இருந்தது. முடி கொட்டியதுபோல் இல்லை; அடியோடு ஒடிந்து கறுப்புப் புள்ளிகளாக நின்றது.

“எத்தினி நாளா இருக்குது சங்கீதா?”

“நேத்துதான் பாத்தேன். எண்ணெய் தேய்க்கச்சொல்ல கையில தட்டுப்பட்டுது. ராவெல்லாம் சொறிஞ்சிகினே இருந்தா, நான் பேனுன்னு நெனச்சிட்டேன்.” சங்கீதா குரலைத் தாழ்த்தவில்லை. “நான் கேக்கறது வேற. அந்த நிலா இருக்கறாளே, தினம் தலையில அகலமா பாண்டு போட்டுகினு வராளே. அதைக் கழட்டிப் பாத்திருக்கீங்களா நீங்க?”

உள்ளே பாயில் உட்கார்ந்து நிலா மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நாலரை வயது. நெற்றிக்கு மேலே சிவப்புத் துணி சுற்றிய அகலமான பாண்டு. மதியம் தூங்கவைக்கும்போது பிள்ளைகளின் பாண்டுகளைக் கழற்றி டப்பாவில் போட்டு வைப்பது உதவியாளர் கெங்கம்மாளின் வேலை. அவளைத்தான் கலைமகள் திரும்பிப் பார்த்தாள்.

“இருக்குது டீச்சர்” என்றாள் கெங்கம்மாள். “பக்கத்துல கொஞ்சம் சொட்டையா இருக்குது. அவங்கம்மாவைக் கேட்டேன், பூச்சி வெட்டு, சின்ன வெங்காயம் தேய்க்கறேன்னா. நானும் விட்டுட்டேன்.”

“பாருங்க, தெரிஞ்சே விட்டிருக்கீங்க!” சங்கீதாவின் கை மகளின் தோளை இறுக்கியது. “எம்புள்ளைய இனி அனுப்பமாட்டேன். நான் மட்டும் இல்ல, தெருவுல நாலு பேர் பேசிகினுதான் இருக்காங்க. அந்த ஏரிக்கரைப் பக்கத்துப் புள்ளைய உள்ள வச்சிகினா நாங்க எங்க புள்ளைங்களை நிறுத்திடுவோம். நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.”

அவள் போய்விட்டாள். கலைமகள் நிலாவைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்துப் பாண்டை எடுத்தாள். வர்ஷாவுக்கு இருந்ததே இங்கும் இருந்தது, அதைவிடப் பெரிதாக. மேலே களிம்பு பூசியதில் ஓரமெல்லாம் சிவந்திருந்தது.

“வலிக்குதா பாப்பா?”

“அரிக்குது.” நிலா பாண்டுக்காகக் கையை நீட்டினாள். “குடு டீச்சர். அம்மா கழட்டக்கூடாதுன்னா.”

சாயந்திரம் நிலாவின் அம்மா அம்மணி வந்தாள். களம்பூர் ரைஸ் மில்லில் அவளுக்கு வேலை. பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்து நிற்பவளின் புருவத்தில் எப்போதும் தவிட்டுத் தூசு படிந்திருக்கும். கலைமகள் விஷயத்தைச் சொல்லி, நிலா கொஞ்ச நாள் வரவேண்டாம் என்றாள். அம்மணி பாண்டை மகள் தலையில் இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிட்டாள்.

“எத்தினி நாளு டீச்சர்?”

“சரியாகற வரைக்கும். ஒரு ரெண்டு வாரம்னு வச்சிக்கோயேன்.”

“நான் மில்லுக்குப் போவணுமே.”

“தெரியுது. நாலு பேர் பேசறாங்க, நான் இன்னா பண்ணட்டும் சொல்லு?”

அம்மணி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். வாசல்வரை போனவள் நின்றாள். “எந்நேரமும் தூசியில நிக்கற பொம்பளை ஊட்டுப் புள்ளைதானே, அதுக்குத்தான் வரும்னு நெனச்சிட்டாங்க, இல்ல?”

பதிலுக்கு நிற்காமல் தெருவில் இறங்கிவிட்டாள்.

*

நிலா போனாள். வர்ஷாவும் வரவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு எல்லாம் எப்போதும்போல் நடந்தது. காலையில் பாட்டு, பதினொன்றுக்குச் சத்துமாவு, மதியம் முட்டையும் சோறும், பிறகு தூக்கம். மூன்று மணிக்குக் கெங்கம்மாளின் முறை.

அந்த மூன்று மணிக்காகவே தெருவில் பாதிப்பேர் பிள்ளைகளை அனுப்பினார்கள் என்று சொன்னாலும் தகும். தூங்கி எழுந்த பிள்ளைகளைக் கெங்கம்மாள் வரிசையில் உட்காரவைப்பாள். கிண்ணத்தில் தேங்காயெண்ணெய். பச்சைச் சீப்பை எண்ணெயில் ஒரு தோய் தோய்த்து, ஒரு தலை வாருவாள். முந்தானையில் சீப்பை ஓர் இழுப்பு இழுத்துத் துடைப்பாள். அடுத்த தலை. பெண்பிள்ளைகளுக்கு டப்பாவிலிருந்து ஒரு பாண்டு. எந்தப் பாண்டு யாருடையது என்று பிள்ளைகளுக்கே தெரியாது; சிவப்பு வேண்டுமென்று அழுகிறவளுக்குச் சிவப்பு, அவ்வளவுதான். வாசலில் நிற்கும் அம்மாக்கள், “கல்யாணத்துக்குப் போற மாதிரி அனுப்பறீங்க ஆயாம்மா” என்பார்கள். கெங்கம்மாளுக்கு அதுதான் சம்பளத்துக்கு மேலே கிடைக்கும் சம்பளம்.

பேன் விஷயத்தில் அவள் படு கறார். யார் தலையிலாவது ஈர் தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு இந்தச் சீப்பு படாது. தனியாகப் பேன் சீப்பு எடுத்து, வாரி முடித்துச் சுடுதண்ணீரில் போட்டுவிடுவாள். தன் கைச் சீப்பால் ஒரு பேன்கூட ஏறியதில்லை என்று சத்தியம் பண்ணுவாள். அது உண்மையும்கூட.

நிலா நின்றுபோனதற்கு அடுத்த திங்கள்கிழமை புதுசாக ஒரு பையன் சேர்ந்தான். அனந்த் என்று பெயர். வெம்பாக்கம் பக்கத்திலிருந்து தறி வேலைக்காகக் குடி வந்தவர்கள். அவன் அம்மா அமலா முதல் நாள் அழுதாள், அவன் அழவில்லை.

மூன்று வாரம் கழித்து அமலா வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராமலே கூப்பிட்டாள்.

“டீச்சர், இவன் தலையில இன்னா இது? காதுக்கு மேல. நீங்களே கையை வச்சிப் பாருங்க.”

கலைமகள் தொட்டுப் பார்த்தாள். சொரசொரத்தது. வட்டம் சின்னதுதான். ஆனாலும் அந்தக் கறுப்புப் புள்ளிகள் அவளுக்கு இப்போது பழக்கப்பட்டவை.

*

பள்ளிகளையும் அங்கன்வாடிகளையும் சுற்றிவரும் மருத்துவக் குழுவின் வேன் அந்த வாரமே வந்தது. டாக்டர் சந்திரகாந்தா ஐம்பதைத் தாண்டியவர். சத்தமாகப் பேசிச் சத்தமாகச் சிரிப்பார். அனந்தை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார். செதிலைக் கொஞ்சம் சுரண்டி இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே வைத்து எடுத்துக்கொண்டார்.

“படர்தாமரை” என்றார். “உடம்புல வருமே, அதேதான், தலையில வந்திருக்கு. பூஞ்சை. முடிக்குள்ள பூந்துடும், அதான் முடி ஒடிஞ்சி ஒடிஞ்சி விழுது. இவன் ஒருத்தனுக்குத்தானா?”

“இதுக்கு முன்ன ரெண்டு பேர் டாக்டர். அவங்க இப்ப வர்றதில்ல.”

“அவங்க கூட வெளையாடியிருப்பான்.”

“இல்லீங்க டாக்டர்.” கலைமகள் சொல்லத் தொடங்கிவிட்டுத்தான் யோசித்தாள். “இவன் அவங்க ரெண்டு பேரையும் பாத்ததே இல்ல. அவங்க நின்னதுக்கு அப்பறம்தான் இவன் சேர்ந்தான். வீடும் வேற பக்கம்.”

டாக்டர் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தார். “அப்படின்னா, அவங்க போயும் போகாம எதையோ இங்க உட்டுட்டுப் போயிருக்காங்க. பசங்க ஒரே தலைகாணியில படுக்கறாங்களா?”

“தலைகாணி இல்லீங்க, பாய்தான். ஒவ்வொருத்தருக்கும் தனிப் பாய்.”

“துண்டு? தொப்பி?”

“இல்லீங்க.”

“தலை யாரு வாரறா?”

கெங்கம்மாள் கதவோரம் நின்றிருந்தாள். “நான்தான் வாரறேன். இன்னாத்துக்குக் கேக்கறீங்க?”

“எத்தினி சீப்பு?”

“ஒண்ணு போதாதா? ஒவ்வொரு தலைக்கும் தொடைச்சிட்டுத்தான் அடுத்த தலை. எந்தப் புள்ளைக்கும் பேன் கெடையாது. நீங்க வேணா பாருங்க.”

“பேன் பேச்சு இல்லம்மா இது. சீப்பைக் கொண்டாங்க.”

டாக்டர் சீப்பை வாங்கி ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பல்லுக்குப் பல் நடுவே எண்ணெய்ப் பிசுக்கு கறுப்பாக இறுகியிருந்தது. அதில் அரை அங்குலத்துக்கும் குறைந்த முடித்துண்டுகள் சிக்கியிருந்தன.

“இப்படி ஒடிஞ்ச முடியிலயும் செதிலுலயும்தான் அது உக்காந்திருக்கும். பேனாவது தலையை உட்டுக் கீழ எறங்கினா ஒரு நாள் ரெண்டு நாள்ல செத்துடும். இது சாவாது. மாசக்கணக்குல சீப்புல இருக்கும், பிரஷ்ல இருக்கும், பாண்டுல இருக்கும். முந்தானையில தொடைச்சா பிசுக்கு போவும், இது போவாது. பாண்டெல்லாம் எங்க?”

டப்பா வந்தது. டாக்டர் அதையும் பார்த்தார். துணி சுற்றிய பாண்டுகள் எண்ணெய் குடித்து வழவழத்திருந்தன.

“சீப்புலதான் வந்துதுன்னு அடிச்சிச் சொல்லமாட்டேன்” என்றார். “வெளிய தெரியாமலே சிலர் தலையில இருக்கும். அதனால எல்லாத் தலையையும் இப்ப பாத்துடறேன். முதல்ல எந்தத் தலையில வந்துதுன்னு எந்த டாக்டராலயும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பூனைக்குட்டியைத் தூக்கினாக்கூட வரும். அது போவட்டும். மொத ரெண்டு பசங்களும் இன்னா மருந்து சாப்புடறாங்க?”

“வர்ஷாவுக்கு அவங்கம்மா வெளிய டாக்டர்ட்ட காட்டறாங்களாம், மாத்திரை குடுத்திருக்காங்கன்னு கேள்வி. நிலாவுக்கு... தெரியாதுங்க.”

“ஏன் தெரியாது?”

“வீட்டுல நிறுத்திட்டோம்.”

“மருந்து இல்லாமயா? ஒரு மாசமா?”

“நான் போய்க் கேக்கலீங்க டாக்டர்” என்றாள் கலைமகள்.

டாக்டரின் குரல் இறங்கியது. இப்போதுதான் அது கடுமையாக இருந்தது. “நோயை வீட்டுக்கு அனுப்பிட்டு, சீப்பை இங்க வச்சிகினீங்க. மாறிப் போச்சேம்மா. இதுக்கு வெளிப்பூச்சு போதாது, முடி வேருக்குள்ள மருந்து போவணும்னா வாய் வழியா சாப்புடணும். ஆறு வாரமோ எட்டு வாரமோ, முழுசா. கூடவே ஷாம்பூ, மத்தவங்களுக்குப் பரவாம இருக்க. ரெண்டையும் ஆரம்பிச்சிட்டா அந்தப் புள்ள தாராளமா இங்க வரலாம். இன்னிக்கே சீட்டு எழுதித் தரேன். வீட்டுல இருக்கறவங்க தலையையும் பாக்கணும்னு சொல்லுங்க.”

*

மற்ற பிள்ளைகளின் தலையில் வெளியே தெரியும்படி எதுவும் இல்லை என்று பார்த்துச் சொல்லிவிட்டு டாக்டர் வேனில் ஏறினார். பிள்ளைகள் கிளம்பியதும் கெங்கம்மாள் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். கொதித்ததை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிச் சோப்புத்தூளைப் போட்டு, சீப்பிலிருந்த முடியை முதலில் குச்சியால் எடுத்துப்போட்டுவிட்டு உள்ளே அமிழ்த்தினாள். சற்று நேரத்தில் தண்ணீர் மேலே சாம்பல் நிறத்தில் ஆடை கட்டியது.

“தூக்கிப் போடத்தானே போறோம் ஆயாம்மா. இன்னாத்துக்குக் கழுவறீங்க?”

“பாக்கணும் டீச்சர் எனக்கு.” பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பல் பல்லாகத் தேய்த்தாள். “இதையா நான் அத்தினி தலையிலயும் இழுத்தேன்? எம்புடவையில தொடைச்சேன். எம்புடவை சுத்தம்னு.”

“உங்களுக்கு மட்டுமா, எனக்குந்தான் தெரியல.”

“ஒங்களுக்குத் தெரியலைன்னா பரவால்ல. கை என்னுது.” கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். “அந்தப் பொண்ணை அனுப்பினப்ப நான் பாத்துகினுதானே இருந்தேன். தொலைஞ்சிது பேஜாருன்னு நெனச்சேன் டீச்சர். பொய் சொல்லக்கூடாது.”

*

அம்மணியின் வீடு ஏரிக்கரையை ஒட்டிய காலனியில். கலைமகள் போனபோது அம்மணி வாசலில் உட்கார்ந்து அடுத்த வீட்டுக்காகப் பட்டு இழை சுற்றிக்கொண்டிருந்தாள். நிலா எதிரே இருந்தாள். தலை மொட்டை. அந்த இடம் மட்டும் சிவந்து தடித்துத் தெரிந்தது.

“மொட்டை அடிச்சா போயிடும்னு ஊர்லேர்ந்து வந்தப்ப மாமியார் சொன்னாங்க” என்றாள் அம்மணி, எழாமல். “போவல. மெடிக்கல்ல கேட்டு ட்யூப் வாங்கிப் போட்டேன். போட்டா அரிப்பு நிக்கும், நிறுத்தினா டபுளா வரும்.”

“மொட்டையும் வேணாம், அந்த ட்யூபும் வேணாமாம். வேருக்குள்ள இருக்குதாம் அது.” கலைமகள் சீட்டை நீட்டினாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அனந்தைப் பற்றிச் சொன்னாள். எண்ணெய்க் கிண்ணத்தையும், பாண்டு டப்பாவையும், முந்தானையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அம்மணியின் கையில் இருந்த இழை அறுந்தது. அவள் அதை முடிந்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“ஆக, எம்பொண்ணு போனா நின்னுடும்னீங்க. நிக்கல.”

“நிக்கல.”

“மில்லுல எனக்கு வேற ஆளு போட்டுட்டாங்க டீச்சர். ரெண்டு வாரம்னு சொல்லிட்டு வந்தேன், மாசம் ஆச்சி. எங்க ஊட்டுக்காரு கலசப்பாக்கத்துல கட்டட வேலைக்குப் போயிகினு இருக்காரு, வாரத்துக்கு ஒரு தபா வராரு. இவளை நான் எங்க உட்டுட்டுப் போவேன்?”

“தப்பு எங்களுது அம்மணி. நாளைக்கே கூட்டிகினு வா. மாத்திரையை ஆரம்பிச்சிட்டு...”

“வரமாட்டேன்.”

அம்மணி சீட்டை மட்டும் வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“எங்கிட்ட வந்து தப்புன்னு சொல்றீங்க. நல்லது. இவளை அனுப்பினது எனக்கு மட்டுமா தெரியும்? பைப்படியில தண்ணி புடிக்கப் போனா கொடத்தை நகத்தி வைக்கறாங்க. அவங்க முன்னாடி சொல்லுங்க. அப்பறம் கொண்டாந்து உடறேன்.”

*

வெள்ளிக்கிழமை தாய்மார் கூட்டம். பதினோரு பேர் வந்திருந்தார்கள். சங்கீதா வர்ஷாவுடன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் அம்மணி நிலாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்றதற்குத் தலையசைத்துவிட்டாள்.

கலைமகள் எழுந்தாள். எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுக்கவில்லை.

“நிலாவால நோய் வந்துதுன்னு நீங்க சொன்னீங்க, நானும் கேட்டுகினு அவளை அனுப்பிட்டேன். அவ போன பின்னாடிதான் அனந்துக்கு வந்தது. அவன் அவளைக் கண்ணால கண்டதில்ல. இங்க எல்லாத் தலைக்கும் ஒரே சீப்பு, ஒரே எண்ணெய்க் கிண்ணம், எல்லாருக்கும் ஒரு டப்பா பாண்டு. டாக்டர் பாத்துட்டு அதைத்தான் சொன்னாங்க. இதுல நிலா மேலயும் குத்தம் இல்ல, அவங்கம்மா மேலயும் இல்ல. அவளை நிறுத்தினது என் தப்பு.”

“சீப்பு என் கையில இருந்தது” என்றாள் கெங்கம்மாள் மூலையிலிருந்து. “அதையும் சொல்லிடுங்க.”

யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

“பழசெல்லாம் குப்பையில போட்டாச்சு. இனிமே ஒவ்வொரு புள்ளைக்கும் தனிச் சீப்பு, பேர் எழுதின பையில. பாண்டும் அதே பைக்குள்ள. வாரம் ஒரு தடவை முடியை எடுத்துட்டு, சோப்புப் போட்ட சுடுதண்ணியில ஊறவச்சி, தேய்ச்சி, நல்லா காயவைக்கணும். வைத்தியம் நடக்கற புள்ளைங்களோடதை மட்டும் கழுவினபிறகு பிளீச்சிங் தண்ணியிலயும் போடணும். வீட்டுலயும் அதேதான். அக்கா சீப்பு தங்கச்சிக்கு, அம்மா பிரஷ் பொண்ணுக்குன்னு வேணாம்.”

“எங்க ஊட்டுல ஆறு பேருக்கு ஒரு சீப்பு” என்றாள் ஒருத்தி. “ஆறு சீப்புக்கு நான் எங்க போவேன்? எங்க ஊட்டுக்காரருக்கு முடியே இல்ல, அவரோடதை மிச்சம் பண்ணலாம்.”

இந்தத் தடவை எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சங்கீதா மட்டும் சிரிக்கவில்லை.

“எல்லாம் சரி டீச்சர். சீப்பு தப்புதான். ஆனா ரெண்டு மாசம் பாண்டைப் போட்டு மூடி மறைச்சது? அதுவும் சீப்புதானா? அப்பவே சொல்லியிருந்தா எம்புள்ள தப்பிச்சிருக்கும் இல்ல?”

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். அம்மணி ஓர் அடி முன்னால் வந்தாள்.

“சொல்லியிருந்தா நீங்க இன்னா பண்ணியிருப்பீங்க?”

சங்கீதா வாயைத் திறந்தாள்.

“பண்ணினதைத்தான் பண்ணியிருப்பீங்க. ரெண்டு மாசம் முன்னாடியே பண்ணியிருப்பீங்க. அந்த ரெண்டு மாசக் கூலிக்காகத்தான் மூடினேன். தப்புன்னா தப்புதான்.”

 வர்ஷா அம்மாவின் மடியிலிருந்து நழுவிக் கதவுப்பக்கம் போனாள். நிலாவின் மொட்டைத் தலையை உற்றுப் பார்த்தாள்.

“சாமிக்கா குடுத்த?”

“இல்ல. சும்மா” என்றாள் நிலா.

சங்கீதா எழுந்து மகளைக் கூட்டிவரப் போனாள். அங்கே போனவள் மகளைத் தூக்கவில்லை. நிலாவின் தலையைக் குனிந்து பார்த்தாள், தொடாமல்.

“ரொம்ப செவந்திருக்குதே. மாத்திரை ஆரம்பிச்சாச்சா?”

“திங்கக்கெழமையிலேர்ந்து.”

“வெறும் வயித்துல குடுக்காத. சாப்பாட்டோட குடு, கூட பாலு கீலு. அப்பதான் ஒடம்புல புடிக்குமாம், எங்க டாக்டர் சொன்னாரு. நடுவுல நிறுத்திடாத.” சங்கீதா வர்ஷாவின் முடியை விலக்கிக் காட்டினாள். “பாரு, நாலு வாரம் ஆச்சி. பொடிமுடி கெளம்புது.”

அம்மணி குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வட்டத்துக்குள்ளே தரையில் புல் முளைப்பதுபோல் மெல்லிய முடி தெரிந்தது.

“எங்களுக்கு இன்னும் வரல.”

“வரும். நாலு நாள்ல எப்படி வரும்?”

கூட்டம் கலைந்தது. கலைமகள் பதிவேட்டில் நிலாவின் பெயருக்கு நேராகத் தேதியை எழுதினாள். அம்மணி செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

“நாளைக்குக் காலையில மில்லுக்குப் போயிக் கேக்கணும் டீச்சர். எடுப்பாங்களோ மாட்டாங்களோ தெரியாது. களம்பூருல வேற மில்லும் இருக்குது, ரெண்டு மூணு எடத்துல கேட்டுப் பாக்கறேன்.”

“எத்தினி மணிக்கு பஸ்?”

“எட்டரைக்கு. நீங்க ஒம்போதுக்குத் தானே தொறப்பீங்க. முன்னல்லாம் ஊட்டுக்காரு இருந்து உட்டுட்டுப் போவாரு.”

கலைமகள் யோசிப்பதற்குள் கெங்கம்மாள் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:

“எட்டுக்கே கொண்டாந்து உடு. சாவி எங்கிட்டதான் இருக்குது.”

அம்மணி அவளைப் பார்த்தாள்.  இந்தத் தடவை நிலாவை இடுப்பில் ஏற்றவில்லை; கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். மொட்டைத் தலையில் எதையும் போட்டு மூடவில்லை.